பில் இல்லாத பழைய கார்: முதல் வாரத்தில் எந்த ஆயிலை மாற்றுவது?

"வண்டி டாப் கண்டிஷன் சார், போன மாசம்தான் ஆயில் மாத்தினேன்." செகண்ட் ஹேண்ட் கார் விற்பவர்களில் இதைச் சொல்லாதவர் குறைவு. பில் எங்கே என்று கேட்டால், வீடு மாறும்போது தொலைந்துபோயிருக்கும். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் பில் இல்லாத சர்வீஸை நடக்காத சர்வீஸ் என்றே கணக்கில் வைத்துக்கொள்வதுதான் வாங்குபவருக்கு நல்லது. வண்டி எண்ணைச் சொல்லி, அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பார்க்கலாம். அங்கே போன வண்டி என்றால் கம்ப்யூட்டரில் பதிவு இருக்கும். தெருமுனை மெக்கானிக்கிடம் போயிருந்தால் அதுவும் கிடைக்காது.

அப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2014 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், கையால் கியர் போடும் வகை. மீட்டர் 68,000 கிலோமீட்டர் காட்டுகிறது. அதை நம்புவதா என்பது வேறு கதை. இந்த வண்டியில் இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றையும் யோசிக்காமல் முதல் வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். கியர் ஆயில் ஒரு மாதம் பொறுக்கும். பவர் ஸ்டீயரிங் ஆயிலைப் பற்றிக் கவலையே இல்லை. இந்த மாடலில் ஸ்டீயரிங் மின்சார மோட்டாரில் ஓடுகிறது.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய ஆயிலைப் பாருங்கள். தொலைந்துபோன சர்வீஸ் புத்தகம் அதில்தான் இருக்கிறது. பல மெக்கானிக்குகள் போல்ட்டைக் கழற்றி, ஆயிலைப் பழைய டப்பாவில் விட்டு, ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் தடவை மட்டுமாவது.

இன்ஜின் ஆயிலிலிருந்து தொடங்கலாம். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, டிப்ஸ்டிக்கை உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். அழுக்கை இழுத்து வைத்துக்கொள்வதுதான் ஆயிலின் வேலை. டீசல் வண்டியில் புது ஆயில்கூடச் சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும். விரல்களுக்கு நடுவே தேய்த்தால் மணல்போல் நெருடுகிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா, பால் விட்ட காபி நிறத்தில் இருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். காபி நிறம் என்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெளுத்திருந்தால், தினமும் கொஞ்ச தூரமே ஓடி இன்ஜின் முழுதாகச் சூடாகாத வண்டியாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், அல்லது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவற்றில் சில இன்று யாரோ ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கும். அத்தகைய ஆயிலைப் பார்த்தால், மாற்றுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஆயிலை மாற்றிவிட்டால் தடயம் போய்விடும், கோளாறு அப்படியே இருக்கும்.

மாற்றுவது எளிதான வேலைதான். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போது வடிக்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 3 லிட்டர் பிடிக்கும். எந்த கிரேடு என்பது கையேட்டில் இருக்கும். வெயில் ஊர் என்பதற்காக அதைவிடக் கெட்டியான ஆயிலை மெக்கானிக் சிபாரிசு செய்தால் தலையாட்ட வேண்டாம். ஃபில்டரும் டிரெயின் போல்ட்டின் வாஷரும் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது உள்ளே தார் பூசியதுபோல் கறுப்புப் படிவு தெரிந்தால், பல வருடம் ஆயில் மாற்றாமல் ஓடிய இன்ஜின் என்று அர்த்தம். "ஃபிளஷ் ஊத்திடலாம் சார்" என்பார்கள். வேண்டாம். அந்த மருந்து படிவைக் கட்டி கட்டியாகப் பெயர்த்துவிட்டால், கட்டிகள் போய் ஆயில் பம்பின் வலையை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகக் கையேடு சொல்லும் கிரேடில் விலை குறைந்த நல்ல ஆயிலை ஊற்றி, 1,000 அல்லது 1,500 கிலோமீட்டரில் ஃபில்டரோடு மறுபடி மாற்றுங்கள். ஆயிலிலேயே இருக்கும் சுத்தம் செய்யும் ரசாயனம் படிவை மெதுவாகக் கரைத்துக்கொண்டு வரும். இரண்டாவது முறை வடிகிற ஆயில் முதல் முறையைவிடக் கறுப்பாக வந்தால் கவலைப்படாதீர்கள், வேலை நடக்கிறது.

அடுத்து பிரேக் ஆயில். பழைய கார் வாங்குபவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். என்னைக் கேட்டால் மூன்றில் இதற்கே முதலிடம், ஏனென்றால் இன்ஜின் ஆயில் கெட்டால் பணம் போகும், இது கெட்டால் உயிர் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. மூடியைத் திறக்காவிட்டாலும் ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகையில் இதே அளவுகள் 230, 155.

நகரத்துக்குள் ஓட்டும்வரை இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையிலிருந்து முழு லோடோடு இறங்கும்போது தெரியும். மிதித்து மிதித்துச் சூடேறிய பிரேக்கில் ஆயில் கொதித்து, குழாய்க்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆறின பிறகு எல்லாம் சரியாகிவிடுவதால், அடுத்த நாள் மெக்கானிக் பார்த்துவிட்டு ஒன்றும் குறையில்லை என்பார்.

டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினால் போதும் என்று சில இடங்களில் முடித்துக்கொள்வார்கள். ஈரம் கெடுதல் செய்வது சக்கரத்தின் பக்கம், டப்பாவில் அல்ல. நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்து, குழாயில் தெளிந்த நிறம் வரும்வரை பழையதை வெளியேற்ற வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதைக் கையேடு சொல்லும். பெரும்பாலும் டப்பாவிலிருந்து தூரமான சக்கரம் முதலில் வரும். ஒரு லிட்டர் வாங்கினால் நான்குக்கும் போதும். வேலை முடியும்வரை டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகுந்துவிடும்.

பழைய வண்டிக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. பிளீட் செய்யும்போது பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வளையம் வழக்கமாகப் போகாத அடிப்பகுதியில் துரு பிடித்திருக்கலாம். வளையம் அதில் உரசிக் கிழிந்தால் நன்றாக இருந்த பிரேக் கெட்டுப்போகும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும். எந்த வகை ஆயில் என்று டப்பாவின் மூடியிலேயே போட்டிருக்கும். உடைத்து வைத்த பழைய பாட்டில் வேண்டாம். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டப்பாவில் அளவு குறைந்திருந்தால் பேடு தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி நிரப்புவதற்கு முன் எது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில் கூலன்ட்டுக்கு மதிப்பே இல்லை. பனி உறையாத ஊரில் அது எதற்கு, தண்ணீர் போதாதா என்ற நினைப்பு. கூலன்ட்டில் இருக்கும் ரசாயனம் அலுமினிய இன்ஜினைத் துரு, அரிப்பிலிருந்து காக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. போர்வெல் தண்ணீரை ஊற்றினால் கெட்டிலில் படிகிற மாதிரி ரேடியேட்டர் குழாய்க்குள் உப்பு படியும். டப்பாவில் பழுப்பு நிறம் தெரிந்தால் யாரோ தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, இன்ஜின் ஓடும்போது விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் தொடவேண்டும். சூட்டில் திறந்தால் முகத்தில் பீறிடும். வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டர் திருகைச் சூடு பக்கம் வைத்து, மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில்தான் பலர் தவறுகிறார்கள். எவ்வளவு வடித்தாலும் இன்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். ஏற்கெனவே கலந்து விற்கும் கூலன்ட்டை அதன்மேல் ஊற்றினால் நீர்த்துப்போகும். ஆகவே கலக்காத கூலன்ட்டை வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றுங்கள். கையேட்டில் 5 லிட்டர் என்றிருந்தால் இரண்டரை லிட்டர். மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். கையேடு சொல்லும் வகைதான் கணக்கு. சுத்தம் செய்த பிறகு ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கினால் மெக்கானிக்கைத் திட்டவும் வேண்டாம். அதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது உப்புப் படிவுதான்.

கியர் ஆயில் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பானது. விரலில் குத்தும் இரும்புத் துணுக்கு வந்தால் கியர்பாக்ஸ் தேய்கிறது.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மட்டும் நிதானம் தேவை. அந்தக் கியர்பாக்ஸுக்கென்று குறிப்பிட்ட ஆயிலைத் தவிர வேறெதையும் விடக் கூடாது. மெஷின் வைத்து ஃபிளஷ் செய்யாமல் வடித்து நிரப்புவதே பாதுகாப்பு. ஆயில் கருகிய வாடை அடித்து, கியரும் நழுவிக்கொண்டிருந்தால் புது ஆயில் அதைக் காப்பாற்றாது. அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் வண்டிக்கு விலை பேச வேண்டும்.

மூன்றையும் மாற்றிய அன்றே தேதி, மீட்டர் அளவு, ஆயிலின் கிரேடு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி கிளவ் பாக்ஸில் வையுங்கள், பில்லையும் சேர்த்து. கூலன்ட்டை அடுத்த சில வாரம் காலையில் ஒருமுறை பாருங்கள். அளவு குறைந்துகொண்டே போனால் ஊற்றிச் சமாளிக்காமல் உடனே மெக்கானிக்கிடம் எடுத்துச் செல்லுங்கள்.