அடுக்கில் நிற்கும் பிஸ்கட்டுக்கு என்ன விலை?

மாதக் கடைசி இரவு ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரு பிஸ்கட் ஆலைக்குள் போனால் மூன்று விதமான சரக்கைப் பார்க்கலாம். பெட்டி கட்டி கிடங்குக்குப் போனது ஒன்று. மூட்டை பிரிக்காத மைதாவும் சர்க்கரையும் இன்னொன்று. இவை இரண்டுக்கும் விலை போடுவதில் சிக்கல் இல்லை. மூன்றாவதுதான் தலைவலி. அடுப்பிலிருந்து வெந்து வந்து, ஆறி, பாக்கெட்டில் ஏறாமல் டிரேக்களில் அடுக்கியிருக்கும் பிஸ்கட் அது. இதை மாவு என்று சொல்ல முடியாது, விற்கிற சரக்கு என்றும் சொல்ல முடியாது. ஆனால் மாதக் கணக்கை மூட இதற்கும் ஒரு விலை வேண்டும்.

அச்சகத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிச் செலவு எழுதலாம். பிஸ்கட்டில் அது நடக்காது. மாவு பிசைவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை ஒரே ஓட்டம். ஒரு பாக்கெட்டும் அடுத்த பாக்கெட்டும் ஒன்றுதான். அதனால் மாதச் செலவு முழுவதையும் திரட்டி, அந்த மாத உற்பத்தியால் வகுத்து, ஒரு கிலோவின் அடக்கவிலையைக் காண்கிறார்கள். இதுதான் பிராசஸ் காஸ்டிங். எதால் வகுப்பது என்ற இடத்தில்தான் அரைகுறைச் சரக்கு குறுக்கே வருகிறது.

எளிதில் புரிகிற எண்களோடு ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். மாதத் தொடக்கத்தில் பாதியில் நின்ற சரக்கு எதுவும் இல்லை. மாத முடிவில் 90,000 கிலோ பெட்டி கட்டியாகிவிட்டது. 10,000 கிலோ வெந்து, பாக்கெட்டுக்குக் காத்திருக்கிறது. மைதா, சர்க்கரை, எண்ணெய் போன்ற மூலப்பொருள் செலவு 60 லட்சம் ரூபாய். கூலி, எரிபொருள், மின்சாரம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் சேர்ந்த ஆக்கச் செலவு 19 லட்சத்து 20 ஆயிரம். பாக்கெட் உறை, அட்டைப்பெட்டிச் செலவு 9 லட்சம். மொத்தம் 88 லட்சத்து 20 ஆயிரம்.

முடிந்த 90,000 கிலோவால் மட்டும் வகுத்தால் கிலோ 98 ரூபாய் வரும். டிரேயில் நிற்கும் சரக்கின் செலவும் விற்கிற சரக்கின் தலையில் ஏறிவிட்டது. 1,00,000 கிலோவாலும் வகுத்தால் 88 ரூபாய் 20 காசு வரும். இப்போது பாக்கெட் போடாத சரக்குக்கும் பாக்கெட் விலை சேர்ந்துவிட்டது. இரண்டுமே தப்பு.

இதற்கு வழி சமான அலகு. ஒரு தையல்காரரிடம் பாதி தைத்த சட்டை இரண்டு இருந்தால், தையல் உழைப்புக் கணக்கில் அது ஒரு சட்டைக்குச் சமம். ஆனால் துணி? இரண்டு சட்டைக்கும் வெட்டியாயிற்றே! துணிக் கணக்கில் அது முழுதாக இரண்டு சட்டை. எனவே சமான அலகை மொத்தமாக ஒரே எண்ணாகப் போடக் கூடாது. ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

நம் ஆலைக்கு வருவோம். மூலப்பொருள் முழுவதும் பிசையும் கட்டத்திலேயே உள்ளே போய்விடுகிறது. டிரேயில் உள்ள 10,000 கிலோவும் இந்தக் கணக்கில் முழு அலகு. ஆக 1,00,000 அலகு. 60 லட்சத்தை வகுத்தால் கிலோவுக்கு 60 ரூபாய். ஆக்கச் செலவில் பிசைதல், அச்சு வெட்டுதல், வேகவைத்தல், ஆறவைத்தல் முடிந்தன. பாக்கெட் போடுகிற வேலை பாக்கி. இதுவரை 60 சதவீதம் முடிந்தது என்று வைத்தால் 10,000 கிலோ 6,000 அலகாகிறது. மொத்தம் 96,000 அலகு, கிலோவுக்கு 20 ரூபாய். உறையும் பெட்டியும் டிரே சரக்கைத் தொடவே இல்லை. அங்கே அதன் அலகு பூஜ்யம். 90,000ஆல் வகுத்தால் 10 ரூபாய்.

முடிந்த பிஸ்கட் கிலோ 90 ரூபாய். 90,000 கிலோவுக்கு 81 லட்சம். டிரே சரக்குக்கு மூலப்பொருள் 6 லட்சம், ஆக்கச் செலவு 1 லட்சத்து 20 ஆயிரம், ஆக 7 லட்சத்து 20 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் செலவழித்த அதே 88 லட்சத்து 20 ஆயிரம். இந்தக் கூட்டல் ஒத்துவருகிறதா என்பதுதான் முதல் சோதனை.

கூட்டல் ஒத்துவந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைத்துவிடக் கூடாது. சிலர் 60 சதவீதம் என்ற ஒரே எண்ணை எல்லாச் செலவுக்கும் போட்டுவிடுவார்கள். கூட்டல் அப்போதும் ஒத்துவரும். ஆனால் டிரே சரக்கின் மதிப்பு சுமார் 5 லட்சத்து 51 ஆயிரமாக இறங்கி, அந்த வித்தியாசம் விற்ற சரக்கின் செலவில் ஏறி, லாபத்தைக் குறைத்துக் காட்டும்.

அடுத்த பொறி எடையில் இருக்கிறது. மாவில் சேர்த்த தண்ணீரில் பெரும்பகுதி அடுப்பில் ஆவியாகிவிடுகிறது. வேகாத 1,200 கிலோ மாவிலிருந்து 1,000 கிலோ பிஸ்கட்தான் வருமென்றால், மாத முடிவில் தொட்டியில் இருக்கும் 1,200 கிலோவை 1,000 என்றுதான் எழுத வேண்டும். மாவு எடையை அப்படியே எழுதினால் அலகு பெருகி, கிலோ அடக்கவிலை பொய்யாகக் குறையும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. எத்தனை பேட்ச் பிசைந்தோம், ஒரு பேட்ச் எத்தனை கிலோ பிஸ்கட் தரும் என்று பெருக்கிப் பார்த்தால், உடைசல், கழிவு போக, முடிந்ததும் நிற்பதும் சேர்ந்த எடையோடு அது பொருந்த வேண்டும்.

மிகப் பெரிய பொறி அந்த 60 சதவீதம். அது எங்கிருந்து வந்தது? நேரத்தை வைத்துப் போட்டால் தவறும். அடுப்புக்குள் பிஸ்கட் இருப்பது சில நிமிடம்தான். ஆனால் எரிபொருள் செலவு அங்கேதான் போகிறது. ஆக்கச் செலவு ஒரு ரூபாயில் டிரே வரைக்கும் எத்தனை காசு செலவானது என்பதுதான் கேள்வி. சூப்பர்வைசர் கண்ணால் பார்த்து 80 சதவீதம் என்று எழுதிவிட்டால், டிரே சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 36,700 ரூபாய் கூடும். முடிந்த சரக்கெல்லாம் விற்றிருந்தால் அத்தனையும் அந்த மாத லாபமாகத் தெரியும். அது இல்லாத லாபம். அடுத்த மாதத் தொடக்கச் சரக்கின் விலையாக அதே தொகை திரும்பி வந்து அந்த மாத லாபத்தைத் தின்னும்.

அடுத்த மாதம் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். சராசரி முறையில், கொண்டுவந்த 7 லட்சத்து 20 ஆயிரத்தைப் புதுச் செலவோடு கலந்து வகுப்பார்கள். ‘முதலில் வந்தது முதலில்’ முறையில் பழைய செலவைத் தனியே வைத்து, பாக்கி வேலையை மட்டும் அந்த மாதத்து அலகாக எண்ணுவார்கள். நம் டிரே சரக்கில் மூலப்பொருள் பாக்கி இல்லை, ஆக்கச் செலவில் 4,000 அலகு, உறையில் 10,000 அலகு. மைதா விலை ஏறிய மாதத்தில் அந்த ஏற்றத்தைக் கலப்பில்லாமல் காட்டுவது இரண்டாவது முறை. விலை நிலையாக இருந்தால் சராசரியே போதும்.

சிறு ஆலை நடத்துபவர்கள் இதற்குப் பெரிய மென்பொருள் தேட வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் செலவுக் கணக்கு பார்த்து ஒருமுறை எழுதி வையுங்கள். மாதக் கடைசி நாள் சரக்கைக் கட்டம் வாரியாக எடைபோட்டு, எடை போட்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். லாபம் குறைவாகத் தெரிகிற மாதத்தில் அந்தச் சதவீதத்தை மட்டும் மாற்றாதீர்கள்.