உயிரணுப் பிரிவின் பூட்டும் திறவுகோலும்

அந்தமான் தீவுகளின் கரையோரத்தில், கடல் வற்றிய வேளையில் பவளப் பாறைகளினிடையே நடந்து செல்வோர், நீண்ட கரிய முட்கள் சூழ்ந்த உருண்டையான பிராணி ஒன்றைக் கண்டிருப்பர். கடல் முள்ளெலி என்று வழங்கும் இதன் முள் காலில் தைத்தால் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். ஆகவே, மீனவர் இதனை விலகியே செல்வர். ஆயினும், ஓர் உயிரணு எவ்வாறு இரண்டாகப் பிரிகிறது, எப்பொழுது பிரியாது நிற்கிறது என்னும் வினாவிற்கு விடை காண உதவியது இக்குலத்தைச் சேர்ந்த பிராணியே ஆகும்.

கடல் முள்ளெலிகள் தம் முட்டைகளையும் விந்தணுக்களையும் நீரிலேயே வெளியிடுகின்றன. ஒரு முட்டையின் விட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். ஒரே சமயத்தில் கருவுற்ற ஆயிரக்கணக்கான முட்டைகள், அணிவகுத்து நிற்கும் போர்வீரரைப் போல, ஒரே சமயத்தில் பிரிகின்றன. வெப்பமான கடல்களில் முதற் பிரிவு சுமார் ஒரு மணி நேரத்தில் நிகழ்ந்துவிடும். ஆகவே, ஒரு முட்டையினுள் நடப்பதை அறிய விரும்புவோர், கிண்ணம் நிறைந்த முட்டைகளை எடுத்து ஆராயலாம்.

மறைந்துபோன புரோட்டீன்

1982-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவிலுள்ள உட்ஸ்ஹோல் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில், டிம் ஹண்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி இத்தகைய பரிசோதனை ஒன்றைச் செய்தார். அந்தமானில் காணப்படுவதினின்றும் வேறான, அர்பேசியா என்னும் இனத்தின் முட்டைகளை அவர் எடுத்துக்கொண்டார். கதிரியக்கமுள்ள மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை நீரில் கலந்தார். முட்டை புதிதாக உண்டாக்கும் புரோட்டீன்கள் யாவும் இக்கதிரியக்க முத்திரையைப் பெற்றுவிடும். சிறு சிறு இடைவெளிகளில் மாதிரிகள் எடுத்து, அவற்றின் புரோட்டீன்களைப் பருமன் வாரியாகப் பிரித்து, புகைப்படத் தகட்டில் பதியச் செய்தார்.

ஏனைய புரோட்டீன்களின் கோடுகள் நேரம் செல்லச் செல்லக் கறுத்துக்கொண்டே சென்றன. ஒரு கோடு மட்டும் வலுப்பெற்று வந்து, முட்டை பிரியும் தறுவாயில் சட்டென்று மங்கி மறைந்தது. பின்னர் மீண்டும் தோன்றி வளர்ந்து, அடுத்த பிரிவின்போது மறுபடியும் மறைந்தது. உண்டாக்கப்பட்ட புரோட்டீனை உயிரணு வேண்டுமென்றே அழிக்கிறது என்பதே இதன் பொருள். சுழற்சியாக வந்து போவதால் இதற்குச் சைக்ளின் என்று பெயரிட்டனர்.

1971-இல் மசுயி என்பவரும் மார்க்கர்ட் என்பவரும் தவளை முட்டைகளில், பிரிவைத் தூண்டும் பொருள் ஒன்று இருத்தலைக் காட்டியிருந்தனர். 1988-இல் அது தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டபோது, இரு புரோட்டீன்களின் இணை என்பது புலனாயிற்று. ஒன்று சைக்ளின், மற்றொன்று, பால் நர்ஸ் ஈஸ்ட்டில் ஆராய்ந்த கைனேஸ். கைனேஸ் என்பது வேறு புரோட்டீன்களின்மீது பாஸ்பேட்டை ஏற்றும் நொதியாகும். சைக்ளினைச் சார்ந்தே இயங்குவதால் இது சைக்ளின்சார் கைனேஸ் எனப்படுகிறது.

பூட்டு திறக்கும் முறை

தனித்திருக்கும் கைனேஸ் வேலை செய்யாது. அதன் வேலைப் பகுதியின் வாயிலை ஒரு வளையம் அடைத்துக்கொண்டிருக்கிறது. சைக்ளின் வந்து சேர்ந்ததும் அவ்வளையம் விலகத் தொடங்குகிறது. பிறகு வேறொரு நொதி, 161-ஆம் இடத்திலுள்ள திரியோனினில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, வளையத்தைத் திறந்த நிலையிலேயே நிறுத்துகிறது.

ஆயினும், இவ்விரண்டும் நடந்த பிறகுங்கூடக் கைனேஸ் உடனே இயங்கிவிடுவதில்லை. வீ என்னும் நொதி, 15-ஆம் இடத்திலுள்ள டைரோசினில் மற்றொரு பாஸ்பேட்டை ஏற்றித் தடை போடுகிறது. ஸ்காட்லாந்து மக்கள் வழக்கில் வீ என்றால் சிறியது என்று பொருள். இந்நொதி கெட்ட ஈஸ்ட் உயிரணுக்கள், வளர்ச்சி முற்றுமுன்பே பிரிந்துவிடுவதால் சிறியனவாகவே இருக்கும். அவற்றைக் கண்டே நர்ஸ் இப்பெயரை இட்டார். ஆகவே, ஒரு பாஸ்பேட் இயக்குகிறது, மற்றொன்று தடுக்கிறது. எங்கே ஏற்றப்படுகிறது என்பதே முக்கியம்.

தடுக்கும் பாஸ்பேட்டை நீக்குவது சி.டி.சி. 25 என்னும் நொதி. விடுதலை பெற்ற சிறிதளவு கைனேஸ், சி.டி.சி. 25-ஐ மேலும் ஊக்குகிறது. வீ நொதியை அடக்குகிறது. இதனால் மேலும் கைனேஸ் விடுதலை பெறுகிறது. சைக்ளின் மெதுவாகவே சேர்ந்தாலும், பிரிவு திடீரென்று தொடங்குவதன் காரணம் இதுவே.

அணையும் முறையும் இவ்விணையினாலேயே அமைகிறது. ஊக்கம் பெற்ற கைனேஸ், காலம் தாழ்த்திச் செயற்படும் ஓர் அழிப்புக் கருவியை எழுப்புகிறது. அக்கருவி சி.டி.சி. 20 என்னும் துணைவனோடு சேர்ந்து சைக்ளினுக்கு அழிவு முத்திரை இடுகிறது. முத்திரை பெற்ற சைக்ளின் அரைக்கப்பட, கைனேஸ் தனித்து ஓய்கிறது. 1989-இல் மர்ரேயும் கிர்ஷ்னரும், அழியாதவாறு மாற்றப்பட்ட சைக்ளினைத் தவளை முட்டைச் சாற்றில் சேர்த்தபோது, அச்சாறு பிரிவு நிலையிலேயே சிக்கிக்கொண்டது. பிரிவைத் தொடங்கச் சைக்ளின் வேண்டும். பிரிவினின்று வெளிவர அது அழியவேண்டும் என்பது இதனால் உறுதியாயிற்று.

சோதனைச் சாவடிகள்

இதுவரை கூறியது கடிகாரம் மட்டுமே. முந்தைய வேலை முடியாதபோது கடிகாரத்தை நிறுத்துவது எது? 1988-இல் வைனர்ட்டும் ஹார்ட்வெல்லும் ஈஸ்ட்டின்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி இதனை ஆராய்ந்தனர். இயல்பான ஈஸ்ட், டி.என்.ஏ. அறுந்ததும் பிரிவதற்கு முன்னரே நின்று, பழுது பார்த்து, பிறகு பிரிந்தது. ராட் 9 என்னும் மரபணு கெட்ட ஈஸ்ட்டோ, நில்லாது பிரிந்து மடிந்தது. அவ்வீஸ்ட்டை ஒரு மருந்தினால் சில மணி நேரம் செயற்கையாக நிறுத்தி வைத்தபோது, மிகுதியாகப் பிழைத்தது. பழுது பார்க்கும் திறன் அதற்கு இருந்தது. நிற்கும் திறனே இல்லை. இத்தகைய நிறுத்தத்திற்குச் சோதனைச் சாவடி என்று பெயர் வந்தது. நம் உயிரணுக்களில், அறுந்த டி.என்.ஏ.யைக் கண்ட செய்தி சி.டி.சி. 25-ஐ முடக்குகிறது, அதனால் தடைப் பாஸ்பேட் நீங்காமல் நிற்கிறது.

மற்றொரு சாவடி, குரோமோசோம்கள் இரு பக்கத்திற்கும் பங்கிடப்படுமுன் அமைந்துள்ளது. ஒவ்வொரு குரோமோசோமும் கதிர் இழைகளோடு பிணைக்கப்படவேண்டும். பிணைக்கப்படாத ஒன்று இருப்பினும், அது சி.டி.சி. 20-ஐப் பிடித்து நிறுத்தும் மேட் 2 முதலிய புரோட்டீன்களை ஆயத்தப்படுத்துகிறது. சைக்ளின் அழியாது, பிரிவும் முன்செல்லாது. கடைசியாகப் பிணைக்கப்படாதிருந்த முனையை லேசர் கதிரால் அழித்தபோது, உயிரணு தடையின்றி முன்சென்றதை 1995-இல் ரைடர் குழுவினர் கண்டனர். இச்சாவடி வலுவிழந்தால் மகவுயிரணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கை மாறுபடும்; பல புற்றுநோய்களில் காணப்படும் குறை இது.

நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் பயன்படுவதும் இச்சாவடியின் வழியாகவே. அம்மருந்து கதிர் இழைகளை அமையவொட்டாது தடுக்கிறது; குரோமோசோம்கள் பிணைப்பின்றி நிற்க, உயிரணு பிரிவின் நடுவே சிக்குகிறது. சுருங்கித் தடித்த குரோமோசோம்களையுடைய உயிரணுக்கள் பெருகியிருத்தலை உருப்பெருக்கியில் கண்டு இதனை அறியலாம். இவ்வாறு சிக்கியவற்றுள் பல மடிகின்றன. எனினும், தடுக்கப்பட்ட நிலையிலும் சைக்ளின் சிறிது சிறிதாகக் கசிந்து அழிவதால், சில உயிரணுக்கள் பங்கீடு நிகழாமலே நழுவி வெளியேறிவிடுகின்றன. மருந்து சிலவற்றைக் கொல்லாது விடுவதற்கு இஃதொரு காரணம்.

ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் ஆகிய மூவருக்கும் 2001-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அந்தமான் பாறைகளின் முள்ளெலி முட்டையிலும், மனிதனின் எலும்பு மச்சையிலும் பிரிவைத் தொடங்கி முடிப்பது இதே சைக்ளினும் கைனேசும் சேர்ந்த இணையே.