எந்த வாயில், எத்தனை மணிக்கு: திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படுவோர் அறிய வேண்டியவை

திருகோணமலைத் துறைமுகம் ஒரே மதிலுக்குள், ஒரே வாயிலுக்குள் அடங்கிய இடமன்று. இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் வளாகம், நகரை அடுத்த கடற்படைத் தளம், சீனக்குடாப் பக்கத்தில் பிறீமா மாவாலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கித் தொகுதி, விமானப்படைத் தளம் எனப் பல நிறுவனங்கள் தத்தமக்கென வேலியும் காவலும் வைத்துக்கொண்டு அதன் கரையைச் சூழ்ந்துள்ளன. ஆகவே, “துறைமுக அலுவலகத்துக்குக் காலை 10 மணிக்கு வரவும்” என்று ஒரு விண்ணப்பதாரிக்கு அனுப்பப்படும் குறுஞ்செய்தி, அனுப்பியவருக்குத் தெளிவாகத் தோன்றினாலும், பெறுபவருக்கு ஏறத்தாழ எதையும் சொல்வதில்லை. அழைப்பில் இருக்க வேண்டியவை வாயில், மாடி, வந்து பதியும் நேரம், தொடர்புக்குரிய ஒருவரின் இலக்கம் ஆகிய நான்கு விவரங்களே. இவை வழிகாட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. அழைப்பு மெய்யானதா என்று சோதிக்கவும், பின்னர் முறையிட நேர்ந்தால் சான்றாகக் காட்டவும் இவையே பயன்படுகின்றன.

வாயில் ஏன் முதலிடம் பெறுகிறது என்பதை அறியச் சர்வதேசக் கப்பல் மற்றும் துறைமுக வசதிப் பாதுகாப்புக் கோவையை நோக்க வேண்டும். 2002 டிசம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தக் கோவை, வெளிநாட்டுக் கப்பல்களைக் கையாளும் ஒவ்வொரு துறைமுக வசதியும் உள்ளே வருவோரின் அடையாளத்தையும் வருகையின் காரணத்தையும் சரிபார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஆகவே, வாயிலில் நிற்கும் பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவரை மறிப்பது அவருடைய கெடுபிடியால் அன்று. பெயர் முன்கூட்டியே தரப்படாத ஒருவரை உள்ளே விட அவருக்கு அதிகாரம் இல்லாமையால்தான். விண்ணப்பதாரியின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் குறித்த வாயிலுக்கு முதல் நாளே அனுப்பிவைக்கும் பொறுப்பு அழைக்கும் நிறுவனத்துக்கு உரியது. அழைப்பில் வாயிலின் பெயர் மட்டும் இருந்து, வாயிலில் அழைக்கப்பட்டவரின் பெயர் இல்லாது போனால், வேலையில் பாதியே முடிந்துள்ளது.

மூதூரிலிருந்து வரும் ஒரு விண்ணப்பதாரியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், கிண்ணியா வழியாகத் தரைவழியே வரும் பேருந்து சீனக்குடாவைக் கடந்துதான் நகரை அடைகிறது. அலுவலகம் சீனக்குடாப் பக்கத்தில் இருக்க, அழைப்பில் “திருகோணமலை” என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அவர் தாம் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நகரப் பேருந்து நிலையம்வரை சென்று, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் வந்த வழியே திரும்ப நேரிடும். அந்தச் செலவையும் தாமதத்தையும் அவரே சுமக்கிறார். நேர்முகக் குழுவோ அவரை நேரம் தவறியவர் என்று குறித்துக்கொள்கிறது. கைத்தொலைபேசி வரைபடத்தின் குறியீட்டை மட்டும் அனுப்புவதும் இதற்கு ஈடாகாது. பெரிய வளாகமொன்றின் குறியீடு பெரும்பாலும் அதன் நடுப்பகுதியையே காட்டும். பொருள் ஏற்றும் லொறிகளுக்கான வாயிலையும் ஆட்களுக்கான வாயிலையும் அது வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, நேர்முகம் தொடங்கும் நேரமும் வாயிலில் பதியும் நேரமும் வெவ்வேறானவை என்பதை அழைப்பு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 10.00 மணிக்கு நேர்முகம் என்றால், அறைக்கு வெளியே 9.45 க்கு அமர்ந்திருக்க வேண்டும். வாயிலிலிருந்து கட்டடம்வரை நடக்கப் பத்து நிமிடமும், அடையாள அட்டையைக் காட்டிப் பதிவேட்டில் ஒப்பமிட்டு அனுமதிச் சீட்டுப் பெற இருபது நிமிடமும் வைத்தால், பதியும் நேரம் 9.15 ஆகிறது. இந்தக் கணக்கை இடம் அறிந்த நிறுவனம் செய்ய வேண்டுமே அன்றி, இடம் அறியாத விண்ணப்பதாரியிடம் விட்டுவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் நேர்முகம் வைப்பது ஜும்ஆத் தொழுகைக்குச் செல்வோரை இக்கட்டில் தள்ளும். முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் இந்த மாவட்டத்தில் அதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்க இயலாது.

மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சமே. இலங்கை வழக்கில் நிலமட்டத்துக்கு மேலுள்ளதே முதலாம் மாடி. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் நிலமட்டமே ஒன்றாக எண்ணப்படும். வெளிநாட்டுத் தொடர்புள்ள நிறுவனங்களில் இவ்விரு எண்ணிக்கையும் கலந்து வழங்கக்கூடுமாதலால், “நிலமட்டத்திலிருந்து இரண்டு படிக்கட்டு மேலே” என்று எழுதிவிடுவது நல்லது. மின்தூக்கி இல்லையென்றால் அதையும் எழுத வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் அதை முன்னரே அறிந்தால்தான் கீழ்த்தளத்தில் அறை கேட்க முடியும். பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கனவாக அமைக்க வேண்டும் என்பது 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் இலங்கையில் சட்டமாகவே உள்ளது.

இவ்வளவையும் கொண்ட அழைப்பு நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. “களஞ்சிய எழுதுநர் பதவிக்கான நேர்முகப் பரீட்சை, ஜூன் 10, புதன்கிழமை, மு.ப. 10.00. சீனக்குடாவில் எமது ஆட்கள் செல்லும் வாயிலில் மு.ப. 9.15 க்குப் பதியவும். லொறி வாயிலுக்குச் செல்ல வேண்டாம். உங்கள் பெயர் வாயிலில் தரப்பட்டுள்ளது. தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதி தேவை. நிருவாகக் கட்டடம், முதலாம் மாடி, நிலமட்டத்திலிருந்து ஒரு படிக்கட்டு மேலே, மின்தூக்கி இல்லை. தடங்கல் இருப்பின் மனிதவள உத்தியோகத்தரை அழைக்கவும்” என்று எழுதி, அந்த உத்தியோகத்தரின் பெயரையும், அன்று காலை எட்டு மணி முதல் எடுக்கப்படும் இலக்கத்தையும் சேர்த்தால் போதும். திகதியோடு கிழமையும் வருவது வீண் சொல்லன்று. இரண்டில் ஒன்று பிழையாகத் தட்டச்சாகியிருந்தால், மற்றது அதைக் காட்டிக்கொடுக்கும்.

தொடர்பு இலக்கத்தில்தான் மோசடியின் தடயமும் தெரிகிறது. துறைமுக வேலை என்று சொல்லி விண்ணப்பதாரிகளை ஏமாற்ற முனைவோரிடம், நிறுவனத்தின் நிலையான தொலைபேசி இலக்கமோ, பெயரும் பதவியும் சொல்லக்கூடிய உத்தியோகத்தரோ இருப்பதில்லை. இருப்பது வாட்ஸ்அப் இலக்கம் ஒன்றே. வாயிலைக் கேட்டால், “வெளியே வந்து அழையுங்கள், ஆள் வந்து கூட்டிச் செல்வார்” என்பார்கள். அல்லது நுழைவு அனுமதிக்கென்று பணம் கேட்பார்கள். நேர்முகத்துக்கு வரும் ஒருவரிடம் அனுமதிச் சீட்டுக்காகப் பணம் கேட்கப்படுமாயின், அழைப்பு பொய்யானது என்றே கொள்ளலாம். அழைப்பில் வந்த இலக்கத்தை விட்டு, நிறுவனத்தின் பொது இலக்கத்தைத் தனியே தேடி, திருகோணமலைக்குரிய 026 என்ற குறியீட்டுடன் தொடங்கும் நிலையான இணைப்பில் அழைத்து, குறித்த நாளில் நேர்முகம் உண்டா என்று கேட்பது இரண்டு நிமிட வேலை. வெளிநாட்டு வேலைக்கான நேர்முகம் என்றால், 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற முகவர் மட்டுமே ஆட்சேர்க்கலாம். உரிமம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம். பணம் கொடுத்து ஏமாந்தவர் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யலாம். வஞ்சித்தல் தண்டனைச் சட்டக் கோவையின் 398 ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்ட குற்றம்.

வாயிலுக்கென்று பெறப்படும் அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு கேடு ஒளிந்துள்ளது. பழைய ஒன்பது இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களாயின் அந்த நாள் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாகவே உள்ளது. ஆகவே, அழைக்கப்பட்ட அனைவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கைத்தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரே பட்டியலாக்கி வாட்ஸ்அப் குழுவில் போடும் நிறுவனம், ஒவ்வொருவரின் பிறந்த திகதியையும் பாலினத்தையும் அறிமுகமற்ற பலருக்கு வழங்கிவிடுகிறது. அதிலிருந்து பெண் விண்ணப்பதாரிகளுக்கு வரும் வேண்டாத அழைப்புகளுக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்குப் பெற்ற தரவை அந்த நோக்கத்தின் எல்லைக்குள்ளேயே பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டது. இது கட்டங்கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவரப்படும் சட்டமாகையால், அதை மட்டும் நம்பியிராமல், அழைப்பைத் தனித்தனியே அனுப்புமாறும், அட்டையின் படத்துக்குப் பதில் இலக்கத்தை மட்டும் ஏற்குமாறும் விண்ணப்பதாரி கேட்டுக்கொள்வது தகும்.

வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவர் செய்யக்கூடியது, அழைத்த நிறுவனம் அரசுக்குரியதா தனியாருடையதா என்பதைப் பொறுத்தது. தனியார் நிறுவனத்திடம் மறு திகதி கேட்கலாம்; கட்டாயப்படுத்தும் வழி ஏறக்குறைய இல்லை என்பதே உண்மை. துறைமுக அதிகாரசபை போன்ற பொது நிறுவனமாயின் நிலைமை வேறு. அரசியலமைப்பின்படி தமிழ் நிருவாக மொழியாக உள்ள கிழக்கு மாகாணத்தில், அழைப்பைத் தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது. அழைக்கப்பட்டோர் பட்டியல் வாயிலுக்கு எப்போது அனுப்பப்பட்டது, வராதவராக யார் குறிக்கப்பட்டார் என்பவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாள்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படை, வாயிலில் நின்றபடியே தொடர்பு இலக்கத்துக்கு அனுப்பும் ஒரு குறுஞ்செய்தி: “9.10 முதல் வாயிலில் உள்ளேன், பெயர் பட்டியலில் இல்லை என்கிறார்கள்.” அழைப்பு எடுக்கப்படாவிட்டாலும் அந்தச் செய்தியின் நேரம் பதிவாகிவிடும்.

பெயர் விடுபட்டமை வெறும் கவனக்குறைவாயின், அது அடிப்படை உரிமை மீறலாகாது. பிறரோடு ஒப்பிடச் சமமாக நடத்தப்படவில்லை என்று காட்ட முடிந்தால் மட்டுமே அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை துணைக்கு வரும். அவ்வாறான மனு, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட வேண்டும். அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி கணக்கிலிருந்து விலக்கப்படும். ஆனால் முறைப்பாட்டைக் கையளித்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்தது என்பதையும் மனுதாரர் காட்ட வேண்டும்.