சனிக்கிழமைச் சம்பளமும் ஏழாந் தேதிச் சம்பளமும்

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் கடைவீதியில் கால் வைக்க இடம் இருக்காது. பனியன் கம்பெனிகளில் அன்றுதான் வாரக் கூலி கொடுக்கிற வழக்கம். கறிக்கடை, பூக்கடை, பலகாரக்கடை என்று எங்கே பார்த்தாலும் கையில் புது நோட்டோடு பெண்கள் நிற்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை மாலையில்தான் என் தங்கை மகள் தேவி, இடுப்பில் குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. "பெரியம்மா, ஊரே சம்பளம் வாங்கிட்டுப் போகுது. நான் மட்டும் தண்டல்காரருக்கு 500 ரூபாய் எடுத்து வெச்சுட்டு வெறுங்கையோட வந்திருக்கேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதச் சம்பளத்தில், மில் ஆபீசில், முன்னைவிட நல்ல வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சம்பளமும் குறையவில்லை. பிறகு எப்படிக் கடன் வந்தது? அன்று இரவு பழைய காலண்டர் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் பார்த்தோம். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். வீட்டில் யாராவது புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் பயன்படும்.

தேவியின் கணவன் லாரி டிரைவர். அவன் பணம் எந்தத் தேதியில் வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் குழந்தையைப் பால்வாடியில் விட்டு, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். பிடித்தமெல்லாம் போக வாரம் 3,000 ரூபாய் கையில் வரும். லைன் வீட்டு வாடகை 4,000, மகளிர் குழுத் தவணை 1,200, கேஸ், கரண்டு, போன் எல்லாம் சேர்ந்து 1,200. ஆக 6,400 ரூபாய் மாதத்துக்கு ஒருமுறை தேதி சொல்லிக்கொண்டு வந்து நிற்கும். இதற்கு நான் 'தேதிச் செலவு' என்று பெயர் வைத்திருக்கிறேன். காய், பால், பஸ், குழந்தைக்குப் பிஸ்கட் எல்லாம் வாரச் செலவு. அது 1,400.

சம்பளம் வருகிற நாள் ஒன்று, செலவு வருகிற நாள் வேறு. கஷ்டம் எல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

முதலில் வாரக் கூலியைப் பார்ப்போம். 3,000 ரூபாயைக் கையில் வாங்கும்போது வாரச் செலவு 1,400 போக மீதி எல்லாம் மிச்சம் போலத் தோன்றும். தோன்றத்தான் செய்யும்! உண்மையில் அது வீட்டுக்காரர் பணம், குழுப் பணம். ஐந்தாம் தேதி வாடகை கேட்டு வந்து நிற்கும்போது அந்த ஒரு வாரக் கூலியில் 4,000 கொடுக்க முடியாது. அதனால் தேதிச் செலவு 6,400-ஐ நாலாக வகுத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் 1,600-ஐ முதலில் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். கடைவீதிக்குப் போகும் முன் போட வேண்டும், வந்த பிறகு அல்ல.

இதில் ஒரு சின்ன ரகசியம் உண்டு. மாதத்துக்கு நாலு வாரம் என்று சொல்கிறோமே தவிர, வருடத்தில் 52 வாரம். பன்னிரண்டு மாதத்துக்கு நாலு வீதம் 48 போனால் நாலு சனிக்கிழமை மிஞ்சுகிறது. 2026-ம் வருடக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வரும். அந்த ஐந்தாம் சனிக்கிழமைக்கு வாடகைப் பங்கு இல்லை. வாரச் செலவு போக 1,600 ரூபாய் முழுசாக மிஞ்சும். நாலும் சேர்ந்தால் 6,400, அதாவது ஒரு மாதத்துத் தேதிச் செலவு!

இதை உபரி என்று நினைத்துச் சேலை எடுத்துவிடக் கூடாது. ஷிப்டுக் கணக்கில் வேலை செய்பவர்களுக்குத் தீபாவளி, பொங்கலுக்குக் கம்பெனி மூடுகிற நாட்களில் பெரும்பாலும் கூலி கிடையாது. அந்த நாட்களில் அடுப்பெரிய வைப்பது இந்த ஐந்தாம் சனிக்கிழமைதான். எங்கள் வீட்டுக்காரரும் டெய்லராக வாரக் கூலி வாங்கியவர்தான். நான் அந்தப் பணத்தைத் தனி உண்டியலில் போட்டே பழகிவிட்டேன்.

தேவி அடுத்ததாக வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கம்பெனிக்கு மாறினாள். அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை 6,000 ரூபாய். "இதுல என்னங்க பெரியம்மா, ரெட்டிப்பா வருது, அவ்வளவுதானே?" என்றாள். அவ்வளவுதான். ஆனால் முதல் வாரம் ராஜா வீடு, இரண்டாம் வாரம் ஆண்டி வீடு ஆகிவிடும். 6,000-இல் தேதிச் செலவுக்கு 3,200 ஒதுக்கினால், 2,800 ரூபாய் பதினாலு நாளைக்கு. இரண்டாம் வாரத்து 1,400-ஐ அன்றைக்கே பிரித்து, அடுத்த சனிக்கிழமை வரை தொடாத இடத்தில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தச் சம்பளம் வருகிற தேதி மாதத்துக்கு மாதம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மாதம் 4-ந் தேதி வரும், வேறொரு மாதம் 9-ந் தேதி வரும். வாடகைத் தேதி நகராது. அதனால் 5-ந் தேதி வாடகை முந்தின மாதத்துச் சம்பளங்களிலிருந்தே தயாராக இருக்க வேண்டும். காலண்டரில் சம்பள நாளுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, எந்தச் செலவு எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்று பக்கத்தில் எழுதி வைத்தால் குழப்பமே வராது.

இங்கேயும் ஒரு மிச்சம் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்தில் 26 சம்பளம். இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் வரும். அந்த மூன்றாவதில் 3,200 ரூபாய் மிஞ்சும். ஆனால் வேலையில் சேரும்போதே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: "இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா, இல்லை 15-ந் தேதியும் மாதக் கடைசியுமா?" தேதிக் கணக்கு என்றால் வருடத்துக்கு 24 சம்பளம்தான், மூன்றாம் சம்பளம் என்பதே கிடையாது. தடவைக்கு 6,000 என்று நிலையாகப் பேசியிருந்தால் இரண்டுக்கும் வருடத்தில் 12,000 ரூபாய் வித்தியாசம்.

தேவிக்கு மூன்றாம் சம்பளம் ஒருமுறை வந்தது. குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கினாள். ஆசைதான், தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து வந்தது மில் ஆபீஸ் வேலை.

மாதம் கையில் 13,000. பண்டிகை லீவுக்கும் சம்பளம் உண்டு என்பதால் சந்தோஷமாகப் போனாள். வாரம் 3,000-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தாலும் அதே 13,000-தான் வரும். பழைய கம்பெனியில் சனிக்கிழமை கடைசிச் சம்பளம் வாங்கினாள். திங்கட்கிழமை 1-ந் தேதி மில்லில் சேர்ந்தாள். அந்த மாத வாடகையும் தவணையும் ஒதுக்கிய பணத்தில் சரியாகக் கட்டியாயிற்று. கையில் இருந்த 2,800 பதினாலு நாள் ஓடியது. மாதச் சம்பளமோ, வேலை செய்து முடித்த பிறகு, அடுத்த மாதம் 7-ந் தேதி. சனிக்கிழமையிலிருந்து எண்ணிப் பாருங்கள், 38 நாள்! பதினாலு போக 24 நாளைக்கு வீட்டில் சல்லிக்காசு இல்லை.

அந்த 24 நாளைக்கு வாரம் 1,400 கணக்கில் 4,800 ரூபாய் வேண்டும். கொலுசுப் பணம் 3,200 இருந்திருந்தால் பெரும்பகுதி சமாளித்திருப்பாள். இல்லாததால் தண்டல்காரரிடம் போனாள். 5,000 என்று எழுதி, 750 பிடித்துக்கொண்டு 4,250 கையில் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் 500 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும்.

வட்டி ஒருபுறம் இருக்கட்டும். இங்கேதான் பெரிய தப்பு. சனிக்கிழமைத் தவணை, சனிக்கிழமை கூலி வாங்குகிறவர்களுக்கு உள்ளது. மாதச் சம்பளக்காரிக்குச் சனிக்கிழமை பணம் எங்கிருந்து வரும்? சாப்பாட்டுப் பணத்திலிருந்துதான் போகும். கடன் வாங்க நேர்ந்தாலும், சம்பளம் வருகிற முறையும் தவணை கட்டுகிற முறையும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வேலை மாறும்போது சட்டம் சொல்வதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் இயற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வாரக் கூலியை அந்த வாரத்தின் கடைசி வேலை நாளிலேயே, வார விடுமுறைக்கு முன் கொடுக்க வேண்டும். இரண்டு வாரச் சம்பளத்தை அது முடிந்து இரண்டு நாளுக்குள், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நின்றால், பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். "அடுத்த வாரம் வா, பார்க்கலாம்" என்றால் விடாமல் கேளுங்கள்.

சரி, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது எப்படி? 13,000-இல் 6,400-ஐ வாங்கிய அன்றே கட்டிவிடலாம், அது சுலபம். மீதி 6,600. அதை நாலாக வகுத்தால் வாரம் 1,650 வருகிறதே என்று தேவி மகிழ்ந்து போனாள். "கண்ணு, மாசத்துக்கு 28 நாள்தானா? மிச்ச ரெண்டு மூணு நாள் பட்டினியா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். மாதக் கடைசியில் பெட்டிக்கடைப் பாக்கி ஏறுவது இதனால்தான்.

அதனால் பழைய 1,400-ஐயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். சம்பளத்தைப் பாங்கியிலேயே விட்டுவிட்டு, சனிக்கிழமைதோறும் 1,400 மட்டும் எடுத்து, தனக்குத் தானே வாரச் சம்பளம் கொடுத்துக்கொள்ள வேண்டும். வருடக் கணக்கில் பார்த்தால் மாதம் சுமார் 533 ரூபாய் மிஞ்சும். மொத்தம் அதே 6,400-தான். ஆனால் இங்கே ஐந்தாம் சனிக்கிழமை மாதிரி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வராது. ஐந்து சனிக்கிழமை வருகிற மாதத்தில் 1,400-ஐ ஐந்து தடவை எடுக்க வேண்டியிருப்பதால், மற்ற மாதத்தில் மிஞ்சுவதைத் தொடாமல் விட்டால்தான் கணக்கு நேராகும்.

என் உண்டியலில் இருந்து 4,000 ரூபாய் எடுத்து, மீதி எட்டுத் தவணையையும் ஒரேயடியாகத் தண்டல்காரரிடம் கட்டச் செய்தேன். 7-ந் தேதி வரைக்கும் அரிசி பருப்பு என் வீட்டிலிருந்து போயிற்று. எனக்கு மாதம் 500 வீதம் எட்டு மாதத்தில் திருப்பித் தருவதாக ஏற்பாடு, அதுவும் சம்பளம் வந்த மறுநாள். வீட்டுக்காரரிடம் பேசி வாடகைத் தேதியை 5-லிருந்து 10-க்கு மாற்றிக்கொண்டாள். கேட்டதும் சம்மதித்தாராம். இத்தனை நாள் கேட்காமல் இருந்ததுதான் தப்பு.

போன சனிக்கிழமை கடைவீதியில் அவளைப் பார்த்தேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்று பூ வாங்கிக் கொண்டிருந்தாள். "இன்னைக்கு எனக்கும் சம்பள நாள்தானுங்க பெரியம்மா" என்று சொல்லி, 1,400-இல் எடுத்த பத்து ரூபாயைப் பூக்காரியிடம் நீட்டினாள்.