எதிரொலியை உருவாக்கும் சீப்பு வடிகட்டி

டிஜிட்டல் ஒலியில் எதிரொலியை உண்டாக்கும் எளிய அமைப்பு சீப்பு வடிகட்டி. வெளிவரும் ஒலியைச் சற்றுத் தாமதித்து, வலிமையைக் குறைத்து, மீண்டும் உள்ளீட்டுடன் சேர்ப்பதே அதன் வேலை.

```
y[n] = x[n] + g·y[n−D]
```

இதில் D தாமதம், g பின்னூட்டப் பெருக்கம். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் ஒலியில் D = 2205 என்றால் தாமதம் 50 மில்லிநொடி. g = 0.7 என வைத்து ஒருமுறை கைதட்டினால், எதிரொலிகள் 0.7, 0.49, 0.343 எனத் தேய்ந்து, ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

இந்த வடிகட்டிக்கு D துருவங்கள் உண்டு. அவை அனைத்தும் g^(1/D) ஆரமுள்ள வட்டத்தில் சம இடைவெளியில் அமைகின்றன. ஒவ்வொரு துருவத்துக்கும் அருகில் அதிர்வெண் வரைபடம் மேலெழுவதால், அது சீப்பின் பற்களைப் போலத் தெரிகிறது. மேற்சொன்ன அமைப்பில் முகடுகள் 20 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும்.

g கூடக்கூடத் துருவங்கள் அலகு வட்டத்தை நெருங்கும். முகடுகள் கூர்மையாகும், ஒலி நீடிக்கும். g = 1 ஆனால் எதிரொலி ஓயாது; அதைத் தாண்டினால் ஒலி பெருகிக்கொண்டே போய்ச் சிதையும்.

தாமதத்தை 10 மில்லிநொடியாகக் குறைத்தால் முகடுகள் 100 ஹெர்ட்ஸ் இடைவெளிக்கு விலகும். அப்போது தனித்தனி எதிரொலிக்குப் பதிலாக, உலோகக் குழாய்க்குள் பேசுவது போன்ற ரீங்காரம் கேட்கும். 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் மன்ஃபிரெட் ஷ்ரோடர், தாமதம் வேறுபட்ட நான்கு சீப்பு வடிகட்டிகளை இணையாக வைத்து இக்குறையைத் தணித்தார். ஒன்றின் முகடுகள் மற்றொன்றின் பள்ளங்களை நிரப்பின.