மூன்று மருந்துகள், இரண்டு இலக்குகள்

உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பவை நுண்குழல்கள். நித்தியகல்யாணிச் செடி தரும் வின்கிரிஸ்டின் அவற்றைக் கட்டவே விடாது. யூ மரத்திலிருந்து வந்த பாக்லிடாக்சல் கட்டியதைக் கலைய விடாது. வேலை எதிரெதிர், முடிவு ஒன்றே, பிரிய முடியாமல் உயிரணு மடிகிறது. நரம்பிழைகளுக்குள் சரக்குப் போவதும் இதே குழல்கள் வழியேதான். அதனால் இரண்டு மருந்துகளாலும் கை, கால் மரத்துப்போகலாம். வின்கிரிஸ்டினில் கடும் மலச்சிக்கலும் சேரும்.

டாக்சோரூபிசினின் குறி டி.என்.ஏ. அது முடக்கும் டோபோஐசோமரேஸ் நொதியின் ஒரு வகை இதயத் தசையிலும் இருப்பதுதான் வினை. சேதம் தவணைதோறும் கூடிக்கொண்டே போகும். மார்பகப் புற்றுநோய்க்கு உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம் 4 தவணை என்றால் மொத்தம் 240. 550ஐத் தாண்டினால் இதயச் செயலிழப்பு அபாயம் வேகமாக ஏறும். பாக்லிடாக்சல் முந்தினால் டாக்சோரூபிசின் ரத்தத்தில் தேங்கும். ஆகவே இரண்டையும் சேர்த்துத் தரும்போது டாக்சோரூபிசினே முதலில் ஏற்றப்படுகிறது.