விசாவை முதலில் கேட்பது மீனம்பாக்கத்தில்

முதல்முறை வெளிநாடு போகிறவர்கள், விசாவைப் பார்ப்பது போய் இறங்கும் நாட்டின் அதிகாரி மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தக் கேள்வி சென்னை விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டரிலேயே வந்துவிடும். விசா இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால், அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் மீதே விழும். பல நாடுகள் அபராதமும் போடுகின்றன. அதனால் கவுண்டரில் இருப்பவர் ‘டிமாடிக்’ என்ற தகவல் தொகுப்பைத் திறந்து, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டின் விதி என்ன என்று பார்ப்பார். அதில் சரியாக வராவிட்டால் போர்டிங் பாஸ் கிடைக்காது.

விசா ஆன் அரைவல், இ-விசா, டிரான்சிட் விசா மூன்றையும் ஒரே பயணத்தில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். சென்னையிலிருந்து பாலிக்குப் போகும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். இந்திய பாஸ்போர்ட், ஒரு வாரச் சுற்றுலா.

இந்தோனேசியா இந்தியர்களுக்கு விசா ஆன் அரைவல் தருகிறது. டென்பசாரில் இறங்கியதும் இமிகிரேஷன் வரிசைக்கு முன்னால் பணம் கட்டும் கவுண்டர் இருக்கும். ஆளுக்கு 5,00,000 ரூபியா கட்டி, ரசீதுடன் அதிகாரியிடம் போனால் 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். கைக்குழந்தைக்கும் தனியாகக் கட்ட வேண்டும். இறங்கிய நாளே முதல் நாளாகக் கணக்கில் சேரும். 30 நாளைத் தாண்டினால் ஒரு நாளுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம்; விசாக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு.

இறங்கியதும் தருவார்கள் என்பதால் முன்கூட்டி ஒன்றும் வேண்டாம் என்று பொருளில்லை. இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பி வர அல்லது அடுத்த நாட்டுக்குப் போக டிக்கெட் வேண்டும். இந்த இரண்டையும் சென்னையிலேயே கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் ஐந்து மாதம்தான் மிச்சம் என்றால், பாலியில் கட்ட வேண்டிய பணம் பையில் தயாராக இருந்தும் விமானம் ஏற முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பணம் கட்டினாலும் உள்ளே விடுவதும் விடாததும் அந்த அதிகாரியின் முடிவு. எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் ஹோட்டல் முன்பதிவைக் காட்டத் தெரிய வேண்டும்.

இதே விசாவை வீட்டிலிருந்தே வாங்கவும் இந்தோனேசியா வழி வைத்திருக்கிறது. evisa.imigrasi.go.id என்ற அரசுத் தளத்தில் பாஸ்போர்ட் பக்கத்தையும் புகைப்படத்தையும் ஏற்றி, கார்டில் பணம் கட்டினால் விசா மின்னஞ்சலில் வரும். டென்பசாரில் பணம் கட்டும் வரிசை மிச்சம். அதைவிட முக்கியம், சிக்கல் ஏதும் இருந்தால் அது புறப்படும் முன்பே தெரிந்துவிடுகிறது. இ-விசாவின் பெரிய பலம் இதுதான். வசதி இருக்கும் நாட்டில் முதல்முறை போகிறவர்கள் இதையே எடுப்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் தேடலில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளம். அரசு முத்திரை போலவே ஒரு படம் வைத்துக் கூடுதல் பணம் வாங்குவார்கள். முகவரி go.id என்று முடிகிறதா என்று பாருங்கள்.

இ-விசாவில் நம்மவர்கள் அதிகம் இடறுவது பெயரில். தமிழ்நாட்டு பாஸ்போர்ட் பலவற்றில் ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருக்கும். சிலவற்றில் அப்பா பெயர் அங்கே போயிருக்கும். ஆதார் கார்டில் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், டிக்கெட்டில் பெயர் முன்பின் மாறி இருக்கும். விண்ணப்பத்தில் பழக்கத்துக்கு இன்ஷியலைத் தட்டிவிட்டால் விசா வேறொருவர் பெயரில் வந்ததற்குச் சமம். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கின்றனவே, அவற்றில் உள்ளதுதான் இயந்திரம் படிக்கும் பெயர். விண்ணப்பம், டிக்கெட் இரண்டையும் அதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் துபாய் போவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது.

பிழை வந்தால் பல நாடுகளில் திருத்த வழி கிடையாது. மறுபடி விண்ணப்பித்து மறுபடி பணம் கட்ட வேண்டும். வியட்நாமின் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். ஒருமுறை விசாவில் போய், நடுவில் கம்போடியாவின் அங்கோர்வாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஹோ சி மின் நகருக்கு வந்து விமானம் பிடிக்கலாம் என்று திட்டமிட்டால் எல்லையில் நிற்க வேண்டியதுதான். வெளியேறிய நொடியில் அந்த விசா முடிந்துபோகிறது.

இனி டிரான்சிட். நம் தம்பதி மலிவாக இருக்கிறதென்று சென்னை–சிங்கப்பூர் ஒரு நிறுவனத்திலும், சிங்கப்பூர்–டென்பசார் வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியாக டிக்கெட் எடுத்துவிட்டார்கள். நடுவே ஐந்து மணி நேரம். விமான நிலையத்தை விட்டு வெளியே போகப் போவதில்லையே, எதற்கு விசா என்று தோன்றும். ஆனால் பெட்டி போகும் வழியைக் கவனியுங்கள். தனி டிக்கெட் என்றால் சென்னையில் போடும் பெட்டி பெரும்பாலும் சிங்கப்பூர் வரைதான் போகும். அதை எடுத்து இரண்டாவது நிறுவனத்திடம் ஒப்படைக்க இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வர வேண்டும். தாண்டினால் நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழைந்தவர். இந்தியர்களுக்கு அங்கே விசா தேவை. ஆகவே சென்னைக் கவுண்டரிலேயே தடுத்துவிடுவார்கள்.

இதே சிங்கப்பூர் வழியை ஒரே முன்பதிவில், அதாவது ஒரே பி.என்.ஆரில் எடுத்திருந்தால், பெட்டி நேராக டென்பசாருக்குப் போகும். அவர்கள் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறலாம், விசா வேண்டாம். பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: “பெட்டி கடைசி ஊர் வரைக்கும் நேரா போயிடுமா?” செக்-இன்னில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் DPS என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். SIN என்று மட்டும் இருந்தால் அது சிங்கப்பூரிலேயே நின்றுவிடும்.

கோலாலம்பூர் வழியாகப் போனால் நிலைமை வேறு. 2023 டிசம்பரிலிருந்து மலேசியா இந்தியர்களை 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது; இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டுள்ளது. தனி டிக்கெட்டாக இருந்தாலும் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்யலாம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகைப் படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும். அங்கே டெர்மினல் ஒன்றும் இரண்டும் ரயிலில் போகும் தூரத்தில் இருக்கின்றன. முதல் விமானம் ஒன்றில் இறங்கி அடுத்தது இரண்டிலிருந்து கிளம்பினால் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலே எங்கும் விசா வேண்டாம் என்று இதைப் பொதுவிதியாக்கிக்கொள்ளக் கூடாது. அமெரிக்க விமான நிலையங்களில் இமிகிரேஷனைத் தாண்டாமல் வேறு நாட்டுக்கு விமானம் மாறும் ஏற்பாடே கிடையாது. மெக்சிகோ போகும் வழியில் இரண்டு மணி நேரம் ஹூஸ்டனில் நின்றாலும் அமெரிக்க விசா வேண்டும். அதற்கென்றே சி-1 என்ற டிரான்சிட் விசா இருக்கிறது. நேர்காணல் தேதிக்கே நீண்ட காலம் காத்திருக்க நேரலாம் என்பதால், அந்த வழியில் டிக்கெட் மலிவு என்பதை மட்டும் பார்த்து எடுத்துவிட வேண்டாம். பிரிட்டனிலும் டிரான்சிட் பகுதிக்குள் இருந்தபடியே மாறுவதற்கு, விதிவிலக்கு இல்லாத இந்தியர்களுக்குத் தனி விசா தேவைப்படுகிறது.

போகும் வழியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. போகும்போது கோலாலம்பூர், திரும்பும்போது சிங்கப்பூர் என்று டிக்கெட் அமைந்தால், பெட்டி எதுவரை போகும் என்ற கேள்வியைத் திரும்பும் பயணத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்த முறை கவுண்டர் டென்பசாரில் இருக்கும். புது டிக்கெட் வாங்க நேர்ந்தால் அன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும்.